பின்பக்கத்தில் பனாமா, முதலாளி ஜப்பானில்

சென்னையிலோ தூத்துக்குடியிலோ துறைமுகத்தில் நிற்கும் ஒரு சரக்குக் கப்பலின் பின்பக்கத்தைப் பார்த்தால் அங்கே இரண்டு வரிகள் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். மேல்வரி கப்பலின் பெயர். கீழ்வரி ஓர் ஊரின் பெயர். மன்ரோவியா, பனாமா, மஜுரோ, வாலெட்டா என்று அந்த ஊர் மாறிக்கொண்டே இருக்கும். மஜுரோ என்பது பசிபிக் பெருங்கடலின் நடுவே கிடக்கும் மார்ஷல் தீவுகள் நாட்டின் தலைநகர். அந்தப் பெயரைத் தாங்கி ஓடும் பெரிய கப்பல்களில் பெரும்பாலானவை அந்தத் தீவை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவற்றின் முதலாளி கிரீஸில் இருப்பார், ஜெர்மனியில் இருப்பார், சில நேரம் மும்பையிலேயே இருப்பார்.

இது ஏதோ ஒன்றிரண்டு கப்பல்களின் கதை அல்ல. உலகச் சரக்குக் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவில் 70 சதவீதத்துக்கும் மேல், முதலாளியின் நாட்டுக் கொடியல்லாத வேறொரு நாட்டுக் கொடியின் கீழ்தான் ஓடுகிறது. லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் என்ற மூன்று சிறிய நாடுகளின் பதிவேட்டில் மட்டும் 40 சதவீதத்துக்கும் மேல் இருக்கிறது. இந்த மூன்று நாடுகளிலும் இத்தனை கப்பல்களை வாங்கும் பணக்காரர்களும் இல்லை, இவற்றை நிரப்பும் அளவுக்குச் சரக்கும் இல்லை.

ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள, எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு கப்பலை எடுத்துக்கொள்வோம்.

2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிக்கொண்ட எவர் கிவன், 400 மீட்டர் நீளமுள்ள கன்டெய்னர் கப்பல். ஆறு நாள் உலக வணிகத்தின் கழுத்தைப் பிடித்தபடி கிடந்தது. பக்கவாட்டில் 'எவர்கிரீன்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்ததால், அது தைவானின் எவர்கிரீன் கம்பெனிக் கப்பல் என்றே பலரும் நினைத்தார்கள். எவர்கிரீன் அதை வாடகைக்கு எடுத்து ஓட்டியது, அவ்வளவுதான். கப்பல் ஜப்பானின் ஷோயி கிசென் என்ற நிறுவனத்துடையது. ஷோயி கிசென், இமாபாரி என்ற ஊரைச் சேர்ந்த கப்பல் கட்டும் குழுமத்தின் அங்கம். கப்பலைக் கட்டியதும் அந்தக் குழுமம்தான். மாலுமிகளை ஏற்றி, எஞ்சினைப் பராமரித்து, அன்றாடம் பார்த்துக்கொண்டது பெர்ன்ஹார்ட் ஷுல்ட்டே என்ற ஜெர்மானிய நிர்வாகக் கம்பெனி. தொழில்நுட்பத் தகுதியைப் பரிசோதித்துச் சான்று தந்தது ஓர் அமெரிக்கச் சங்கம். மூன்றாம் தரப்பினருக்கு ஏற்படும் இழப்புக்குக் காப்பீடு கொடுத்தது பிரிட்டனில் உள்ள ஒரு சங்கம். கப்பலில் இருந்த 25 மாலுமிகளும் இந்தியர்கள். கால்வாய்க்குள் வழிகாட்டியவர்கள் எகிப்திய பைலட்டுகள். கப்பலின் பின்பக்கத்தில் எழுதியிருந்த ஊர் பனாமா.

இத்தனை நாடுகள் சம்பந்தப்பட்டிருந்தாலும் சட்டத்தின் பார்வையில் எவர் கிவன் ஒரு பனாமாக் கப்பல். கொடி என்பது அலங்காரத் துணி அல்ல, கப்பலின் குடியுரிமை. நடுக்கடல் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்பதால், அங்கே கப்பலுக்குள் எந்தச் சட்டம் செல்லும் என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டின் சட்டம் செல்லும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. 1982இல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை இதை எழுத்தில் வைத்திருக்கிறது. ஒரு கப்பலுக்கு ஒரே கொடிதான் இருக்கலாம். அந்தக் கொடிக்குரிய நாடு கப்பலின் பாதுகாப்பையும் மாலுமிகளின் தகுதியையும் வேலைச் சூழலையும் மேற்பார்வை பார்க்க வேண்டும். விபத்து நடந்தால் விசாரிக்க வேண்டும். எவர் கிவன் விபத்து பற்றி பனாமாவின் கடல்சார் ஆணையம் விசாரித்து அறிக்கை வெளியிட்டதும் இந்தக் கடமையால்தான்.

யாருக்குக் கொடி கொடுப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் தானே வைத்துக்கொள்ளலாம். பிரிவினை இங்கேதான் தொடங்குகிறது. சில நாடுகள் தம் குடிமக்களின் கப்பல்களுக்கு மட்டுமே கொடி கொடுக்கும். இந்தியாவின் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் அப்படித்தான் இருந்தது: கப்பல் முழுக்க இந்தியர்களுக்கோ இந்தியக் கம்பெனிக்கோ சொந்தமாக இருந்தால்தான் இந்தியக் கப்பல். வேறு சில நாடுகள், யார் வந்து கேட்டாலும் பதிவுக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு கொடியைக் கொடுக்கும். இவற்றைத் திறந்த பதிவேடுகள் என்பார்கள்.

சென்னைச் சாலைகளில் புதுச்சேரி எண் பலகையோடு ஓடும் விலையுயர்ந்த கார்களைப் பார்த்திருப்பீர்கள். சாலை வரி அங்கே குறைவு என்பதற்காகப் பதிவு மட்டும் அங்கே, ஓட்டுவது இங்கே. கப்பல் விஷயத்திலும் ஆசை அதேதான். ஆனால் காருக்கு அந்த ஊரில் குடியிருப்பதாகக் காட்ட ஒரு முகவரி வேண்டும், பொய் முகவரி கொடுத்தால் குற்றம். கப்பலுக்கு முகவரியே வேண்டாம். அந்த ஊரில் ஒரு கம்பெனியைத் திறந்தால் போதும், எல்லாம் சட்டப்படியே நடக்கும்.

இந்த வழக்கம் எப்படித் தொடங்கியது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலம். அமெரிக்கக் கொடியுள்ள கப்பல் நடுக்கடலில் இருந்தாலும் அமெரிக்கச் சட்டம்தான் அதில் செல்லும் என்பதால், பயணிகளுக்கு மது பரிமாற முடியாது. ஐரோப்பியக் கப்பல்களில் அந்தத் தடை இல்லை, பயணிகள் அங்கே போய்விட்டார்கள். 1922இல் ஓர் அமெரிக்கக் கம்பெனி தன் ரிலையன்ஸ், ரெசல்யூட் என்ற இரண்டு பயணிக் கப்பல்களையும் பனாமா பதிவுக்கு மாற்றியது. அதே கப்பல், அதே முதலாளி, அதே வழி. கொடி மாறியதும் சட்டம் மாறியது. பின்னர் 1948இல் லைபீரியா தன் பதிவேட்டுச் சட்டத்தை இயற்றியது. அதை முன்னின்று வடிவமைத்தவர் எட்வர்ட் ஸ்டெட்டினியஸ், அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர். 1949இல் அதில் முதலில் பதிவான கப்பல் ஒரு கிரேக்க முதலாளியுடையது. இன்றுவரை லைபீரியப் பதிவேட்டின் அன்றாட வேலைகளை நடத்துவது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஒரு தனியார் நிறுவனம். மார்ஷல் தீவுகளின் பதிவேடும் அதே வர்ஜீனியாவிலிருந்துதான் நடத்தப்படுகிறது. கடலே இல்லாத மங்கோலியாவுக்கும் ஒரு கப்பல் பதிவேடு உண்டு. அதன் அலுவலகம் சிங்கப்பூரில் இருந்து இயங்கியது.

ஜப்பானிய முதலாளிக்கு ஜப்பான் கொடி ஏன் பிடிக்கவில்லை? வரி என்றுதான் பலரும் உடனே சொல்வார்கள். அதுவும் உண்டு. பனாமா, தன் கொடியில் பன்னாட்டு வணிகம் செய்யும் கப்பலின் லாபத்துக்கு வருமான வரி கேட்பதில்லை. கப்பலின் டன் அளவை வைத்து ஆண்டுக்கு ஒரு கட்டணம் வாங்கிக்கொள்கிறது. ஆனால் வரியை மட்டும் காரணமாகச் சொல்வது பாதிக் கதைதான். பல ஐரோப்பிய நாடுகளும் பிரிட்டனும், 2004 முதல் இந்தியாவும், லாபத்துக்குப் பதிலாக டன் அளவுக்கு வரி விதிக்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டன. ஆனாலும் வெளியே போன கப்பல்கள் எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை.

பெரிய காரணம் மாலுமிகளின் சம்பளம். ஜப்பான் கொடிக் கப்பலில் ஜப்பானிய மாலுமிகளைத்தான் ஏற்ற வேண்டும் என்ற கட்டுப்பாடு நெடுங்காலம் இருந்தது. 1985க்குப் பிறகு யென்னின் மதிப்பு மிக வேகமாக உயர்ந்தது. முதலாளிக்கு வருமானம் டாலரில், மாலுமிக்குச் சம்பளம் யென்னில். ஒரே ஆண்டில் கணக்கு தலைகீழானது. பனாமா கொடிக்கு மாறினால் பிலிப்பைன்ஸிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ மாலுமிகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாளிகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 1970களில் ஆழ்கடல் கப்பல்களில் ஜப்பானிய மாலுமிகள் 50,000 பேருக்கும் மேல் இருந்தார்கள். இன்று ஏறக்குறைய 2,000 பேர்தான். ஜப்பான் கொடியோடு ஆழ்கடல் போகும் கப்பல்கள் 2007 வாக்கில் நூறுக்கும் கீழே இறங்கின. ஜப்பானியர் கையில் உள்ள கப்பல்களோ 2,000க்கும் மேல். அவற்றில் பெரும்பகுதி பனாமாவில் பதிவானவை. பிறகு ஜப்பான் அரசு அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. ஆனால் ஒரு தலைமுறை மாலுமிகளே காணாமல் போயிருந்தார்கள்.

எவர் கிவனில் 25 இந்தியர்கள் இருந்ததற்கும் கன்னியாகுமரி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து இத்தனை இளைஞர்கள் வெளிநாட்டுக் கப்பல்களுக்குப் போவதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. திறந்த பதிவேடுகள் மேற்கத்திய, ஜப்பானிய மாலுமிகளின் வேலையைப் பறித்தன. அதே ஏற்பாடுதான் நம் ஊர் வீடுகளுக்கு டாலர் சம்பளத்தையும் கொண்டுவந்தது. இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையல்ல.

இனி, ஒரு கப்பல் எப்படிப் பனாமாக் கப்பல் ஆகிறது என்று வரிசையாகப் பார்க்கலாம். எவர் கிவனைப் போன்ற புதிய கப்பலுக்கு நடைமுறையில் நடப்பது இதுதான். கப்பல் கட்டும் தளத்தில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, முதலாளி ஒரு வழக்கறிஞர் மூலம் பனாமாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்வார். அந்தக் கம்பெனிக்கு அலுவலகம் இருக்காது, ஊழியர்கள் இருக்க மாட்டார்கள். அதற்கு இருக்கப்போகும் ஒரே சொத்து இந்தக் கப்பல். வங்கிக் கடன் அந்தக் கம்பெனியின் பெயரில் வாங்கப்படும், கப்பல் வங்கிக்கு அடமானம் வைக்கப்படும். அடமானத்தை எளிதாகப் பதிவு செய்யவும், கடன் கட்டாவிட்டால் எளிதாகக் கப்பலைக் கைப்பற்றவும் வழி உள்ள கொடியைத்தான் வங்கிகள் விரும்புகின்றன. எந்தக் கொடி என்று வங்கியே நிபந்தனை போடுவதும் உண்டு.

கப்பலை ஒப்படைக்கும் நாளில் கட்டியவர் தரும் சான்றிதழோடு, அந்த நாட்டிலேயே இருக்கும் பனாமாத் தூதரக அலுவலகத்தில் விண்ணப்பிப்பார்கள். ஆறு மாதம் செல்லுபடியாகும் தற்காலிகப் பதிவு அங்கேயே கிடைத்துவிடும். வானொலி உரிமமும் அழைப்புக் குறியீடும் தருவார்கள். குறைந்தபட்சம் இத்தனை பேர் கப்பலில் இருக்க வேண்டும் என்று சொல்லும் சான்றும் கொடி நாட்டின் பெயரிலேயே வரும். பழைய கப்பல் என்றால், முந்தைய நாட்டுப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதற்கான சான்றிதழும் வேண்டும், ஏனென்றால் ஒரே நேரத்தில் இரண்டு கொடி கூடாது. ஆறு மாதத்துக்குள் மீதிக் காகிதங்களைக் கொடுத்து நிரந்தரப் பதிவு வாங்கிக்கொள்ளலாம்.

சரி, கப்பல் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது யார்? பனாமாவிலிருந்து அதிகாரி யாரும் வர வேண்டியதில்லை. மாலுமிகள் 'கிளாஸ்' என்று சொல்லும் தொழில்நுட்பச் சங்கங்களிடம் அந்த வேலையைக் கொடி நாடு ஒப்படைத்துவிடுகிறது. அவர்களுடைய சர்வேயர் கப்பலில் ஏறிப் பார்த்து, கொடி நாட்டின் பெயரில் சான்றிதழ் எழுதிக் கொடுப்பார். அவருக்குக் கட்டணம் கொடுப்பவர் கப்பலின் முதலாளி. பல முதலாளிகளும் பல சங்கங்களும் இதை நாணயமாகவே செய்கிறார்கள். ஆனால் பரிசோதிப்பவருக்குப் பரிசோதிக்கப்படுபவரே பணம் கொடுக்கும் ஏற்பாட்டில் எங்கே விரிசல் விழும் என்பதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை.

ஒரு கப்பலுக்கு ஒரு கம்பெனி என்ற இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கொடி வேறு, முதலாளி வேறு என்ற பிரிவினையில் பொதுமக்களை அதிகம் பாதிப்பது இதுதான். ஒரு முதலாளியிடம் ஐம்பது கப்பல்கள் இருந்தால், காகிதத்தில் ஐம்பது கம்பெனிகள் இருக்கும். ஒரு கப்பல் எண்ணெயைக் கொட்டினால் வழக்கு அந்த ஒரு கம்பெனி மீதுதான் போடலாம். அதன் ஒரே சொத்து கடலுக்கு அடியில் போய்விட்டிருக்கும். மற்ற 49 கப்பல்கள் சட்டப்படி அந்நியர்கள். நேர்மையான முதலாளிகளும் இப்படித்தான் செய்கிறார்கள், வங்கிகளும் இதையே விரும்புகின்றன. ஒரு கப்பலின் விபத்து மற்றக் கப்பலின் அடமானத்தைத் தொடக்கூடாது என்பது அவர்கள் கணக்கு.

எவர் கிவனின் பிற்பாடு நடந்ததைப் பாருங்கள். கப்பல் மார்ச் 29 அன்று மிதந்தது. சூயஸ் கால்வாய் ஆணையம் அதைப் போகவிடவில்லை. நஷ்டஈடாக 91.6 கோடி டாலர் கேட்டது. கால்வாயின் நற்பெயர் கெட்டதற்கு மட்டும் அதில் 30 கோடி. பிறகு 55 கோடிக்கு இறங்கியது. இறுதியில் எவ்வளவுக்கு முடிந்தது என்பதை இரு தரப்பும் வெளியிடவில்லை. ஜூலை 7 வரை கப்பல் பெரிய கசப்பு ஏரியில் நங்கூரமிட்டு நின்றது, மாலுமிகளில் பெரும்பாலானோர் அதற்குள்ளேயே இருந்தார்கள். மூன்று மாதத்துக்கும் மேல் அந்த இந்தியர்களைப் பற்றிப் பேசியவர்கள் இந்தியத் தொழிற்சங்கத்தினரும், சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பும், அவர்களை வேலைக்கு எடுத்த நிர்வாகக் கம்பெனியும். அவர்கள் பனாமாக் கப்பலில் இருந்தார்கள் என்பதால் பனாமாவின் குரல் உலகச் செய்திகளில் ஓங்கி ஒலித்ததாக யாருக்கும் நினைவிருக்காது.

இன்னொரு பக்கம், கப்பலை மீட்டுக் கொடுத்த டச்சு நிறுவனமான ஸ்மிட் தன் கூலிக்காக வழக்குப் போட்டது. யார் மீது? லஸ்டர் மரிடைம் எஸ்.ஏ., ஹிகாகி சாங்யோ கைஷா என்ற இரண்டு கம்பெனிகள் மீது. செய்திகளைப் படித்தவர்களுக்கு எவர்கிரீனும் ஷோயி கிசெனும்தான் தெரியும். காகிதத்தில் கப்பலின் சொந்தக்காரர்கள் இந்த இருவர். வழக்கு நடந்தது பனாமாவில் அல்ல, ஜப்பானில் அல்ல, எகிப்தில் அல்ல. லண்டன் நீதிமன்றத்தில் நடந்து, 2023இல் தீர்ப்பும் 2024இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பும் ஸ்மிட்டுக்குச் சாதகமாக வந்தன. பெரிய கம்பெனிக்கு எதிர்த்தரப்பைத் தேடிக் கண்டுபிடிக்க வழக்கறிஞர் படை இருக்கிறது. கரையில் வலை இழுக்கும் மீனவருக்கு அது இல்லை.

நம் கரைக்கும் இந்தக் கேள்வி அண்மையில் வந்தது. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அருகே அரபிக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. 640 கன்டெய்னர்கள் ஏற்றியிருந்தது. 24 மாலுமிகளும் காப்பாற்றப்பட்டார்கள். கடலில் சிதறிய பிளாஸ்டிக் துகள்கள் கேரளக் கரையோடு நிற்காமல் கன்னியாகுமரி மாவட்டக் கரைகளிலும் ஒதுங்கின. எம்.எஸ்.சி. என்பது ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட, உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் குழுமம். மூழ்கிய கப்பலின் கொடி லைபீரியா.

கேரள அரசு 9,531 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மூழ்கிய கப்பலைப் பிடித்து வைக்க முடியாது. ஆனால் 2017ஆம் ஆண்டின் இந்தியக் கடல்சார் வழக்குச் சட்டம் ஒரு வழியைத் தருகிறது: அதே முதலாளியின் வேறொரு கப்பல் இந்தியத் துறைமுகத்தில் இருந்தால் அதைச் சிறைபிடிக்கலாம். அந்த ஜூலையில் விழிஞ்ஞத்தில் இருந்த எம்.எஸ்.சி. அகிடெட்டா 2 கப்பலை நீதிமன்ற உத்தரவின் பேரில் நிறுத்தினார்கள். பின்னர் 1,227 கோடி ரூபாய்க்குப் பிணை கட்டச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. இப்படிப்பட்ட வழக்குகளில் எல்லாம் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: இந்த இரண்டு கப்பலுக்கும் முதலாளி ஒருவர்தானா? ஒரு கப்பலுக்கு ஒரு கம்பெனி என்ற ஏற்பாடு உருவாக்கப்பட்டது, 'இல்லை' என்று பதில் சொல்வதற்காக. பெயரிலும் வண்ணத்திலும் கால அட்டவணையிலும் ஒன்றாக இருக்கும் இரண்டு கப்பல்கள், பொறுப்பு என்று வரும்போது மட்டும் அந்நியர்களாகிவிடலாம் என்ற நிலையை நான் ஏற்கவில்லை. நீதிமன்றங்கள் கம்பெனித் திரையை விலக்கி உண்மையான உரிமையாளரைத் தேடுவது சரியான திசை.

அப்படியானால் வெளிநாட்டுக் கொடி என்றாலே மோசமான கப்பலா? இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். 1978இல் பிரான்ஸின் பிரெத்தானிக் கரையில் அமோகோ காடிஸ் என்ற லைபீரியக் கொடி எண்ணெய்க் கப்பல் உடைந்து, அதிலிருந்த 2 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட எண்ணெய் முழுவதும் கடலில் கொட்டியது. கொடி நாட்டை நம்பி மட்டும் இருக்க முடியாது என்று ஐரோப்பிய நாடுகள் அன்று முடிவெடுத்தன. 1982இல் பாரிஸ் ஒப்பந்தம் உருவானது. கொடி எதுவாக இருந்தாலும் துறைமுகத்துக்கு வரும் கப்பலில் அந்த ஊர் அதிகாரிகளே ஏறிச் சோதிப்பார்கள், குறை இருந்தால் சரிசெய்யும் வரை நிறுத்திவைப்பார்கள். இந்தியா உள்ளிட்ட இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கும் 1990களின் இறுதியில் இப்படி ஓர் ஒப்பந்தம் வந்தது. எந்தக் கொடிக் கப்பல்கள் அதிகம் பிடிபடுகின்றன என்று வெள்ளை, சாம்பல், கறுப்பு எனப் பட்டியலும் போடுகிறார்கள். கறுப்புப் பட்டியலில் விழுந்தால் அந்தக் கொடிக் கப்பல்களை அடிக்கடி சோதிப்பார்கள். ஒரு நாள் நின்றாலே முதலாளிக்குப் பெரும் நஷ்டம் என்பதால், பெரிய பதிவேடுகள் தம் பெயரைக் காப்பாற்ற மோசமான கப்பல்களைத் தாமே வெளியேற்றவும் செய்கின்றன. லைபீரியாவும் மார்ஷல் தீவுகளும் பல ஆண்டுகளாக வெள்ளைப் பட்டியலில் இருந்திருக்கின்றன. சொந்த நாட்டுக் கொடியோடு ஓடும் பழைய துருப்பிடித்த கப்பலைவிட, மார்ஷல் தீவுக் கொடியோடு வரும் புதிய எரிவாயுக் கப்பல் எத்தனையோ மடங்கு பத்திரமானது.

ஆகவே பிரச்சினை கொடி மாறுவதில் இல்லை. கொடிக்கும் கப்பலுக்கும் நடுவே உண்மையான பிணைப்பு வேண்டும் என்று கடல் சட்ட உடன்படிக்கை சொல்கிறது. அந்தப் பிணைப்பு என்ன என்று அது சொல்லவில்லை. அதை வரையறுக்க 1986இல் ஐ.நா. ஒரு தனி உடன்படிக்கையை எழுதியது. போதுமான நாடுகள் கையெழுத்திட்டு ஏற்காததால் அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. இந்த வெற்றிடத்தில்தான் இப்போது இன்னும் ஆபத்தான ஒன்று வளர்கிறது. பொருளாதாரத் தடையுள்ள எண்ணெயைச் சுமக்கும் பழைய டேங்கர்கள் ஓராண்டுக்குள் இரண்டு மூன்று கொடி மாறுகின்றன. சிலவற்றின் கொடி முழுப் பொய்: அந்த நாட்டில் பதிவேடே இருக்காது, அல்லது பதிவேடு இருந்தும் இந்தக் கப்பல் அதில் இருக்காது. அப்படிப்பட்ட கப்பல் சட்டப்படி நாடற்றது. அதற்குச் செல்லுபடியாகும் காப்பீடும் பெரும்பாலும் இருக்காது.

கொடியும் பெயரும் முதலாளியும் மாறலாம், ஒன்று மட்டும் மாறாது. ஒவ்வொரு பெரிய கப்பலுக்கும் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் ஒன்று உண்டு. 1996 முதல் அது கட்டாயம். கட்டும்போது கொடுக்கப்பட்டு, உடைக்கும் வரை அதனோடேயே இருக்கும். எவர் கிவனின் எண் 9811000. இந்த எண்ணுக்குள் ஒரு சோதனையும் இருக்கிறது. முதல் ஆறு இலக்கங்களை 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் வரிசையாகப் பெருக்கிக் கூட்ட வேண்டும்: 9×7, 8×6, 1×5, 1×4, மீதி இரண்டும் பூஜ்யம். 63, 48, 5, 4 சேர்ந்தால் 120. அதன் கடைசி இலக்கமான 0 தான் எண்ணின் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். இருக்கிறது. யாராவது மனம்போன போக்கில் ஓர் எண்ணைக் கொடுத்தால் பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு கப்பலில் சேரப் போகிறான் என்றால் ஏஜென்ட்டிடம் கொடியைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள், இந்த எண்ணைக் கேளுங்கள். `equasis.org` என்ற தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டு எண்ணைத் தட்டினால் விவரங்கள் வரும். கப்பல் கட்டிய ஆண்டு, பதிவு பெற்ற சொந்தக்காரர், நிர்வாகக் கம்பெனி, கிளாஸ், காப்பீடு செய்த சங்கம், எந்தெந்தத் துறைமுகத்தில் சோதனையில் நிறுத்தப்பட்டது என்பதெல்லாம் இருக்கும். இரண்டு ஆண்டுக்குள் மூன்று கொடி மாறியிருந்தால், கிளாஸ் இடம் காலியாக இருந்தால், காப்பீட்டுச் சங்கத்தின் பெயரே இல்லாவிட்டால், அந்தக் கப்பலில் ஏறாமல் இருப்பது நல்லது. சம்பளம் தராமல் முதலாளி கைவிட்டால் நான்கு மாதச் சம்பளத்துக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் நிதி உத்தரவாதம் இருக்க வேண்டும் என்று 2017 முதல் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. அந்த உத்தரவாதச் சான்றிதழை மாலுமிகள் பார்க்கும்படி கப்பலிலேயே ஒட்டிவைத்திருக்க வேண்டும். அதைக் கொடுக்கும் சங்கத்தின் பெயரும் தொடர்பு விவரமும் அதில் இருக்கும். கப்பலில் ஏறியதும் முதலில் அதைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள்.